சுரங்கம் நின்றால் தங்கம் ஏறுமா? 2008 ஜனவரியை முன்வைத்து ஒரு விவாதம்

மாலதி_திருச்சி:
தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் வேலைநிறுத்தமும் மின்வெட்டும் வந்துகொண்டே இருப்பதால் தங்க வரத்து குறையும், விலை இன்னும் ஏறும், ஆகவே தை மாதத் திருமணத்துக்கான நகையை இப்போதே எடுத்துவிடுங்கள் என்று ஒரு கடையில் சொன்னார்கள். இதில் எந்த அளவுக்கு உண்மை இருக்கிறது?

இளங்கோ_சந்தை:
அவர்கள் சொன்னதில் தவறில்லை என்பதே என் கருத்து. 2008 ஜனவரியில் தென்னாப்பிரிக்க அரசின் மின் நிறுவனமான எஸ்காம், பெரிய தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் மின்சாரம் தருவதாக உறுதி கூற முடியாது என்று 24ஆம் தேதி அறிவித்தது. மறுநாளே ஆங்கிலோகோல்ட் அஷாந்தி, கோல்டு ஃபீல்ட்ஸ், ஹார்மனி ஆகிய மூன்று நிறுவனங்களும் அங்கே உற்பத்தியை நிறுத்தின. அன்று தங்கம் அவுன்ஸ் 920 டாலரை ஒட்டிப் புதிய உச்சத்தைத் தொட்டது. மார்ச் மாதத்தில் வரலாற்றிலேயே முதன்முறையாக 1,000 டாலரைத் தாண்டியது. வரத்து நின்றது, விலை ஏறியது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாறைமுகம்:
தேதிகளை இளங்கோ சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வாரத்தில் நடந்த மற்றொன்றை விட்டுவிட்டார். சுரங்கங்கள் நிற்பதற்கு மூன்று நாள் முன்பு, ஜனவரி 22 அன்று, அமெரிக்க மத்திய வங்கி வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல் வட்டியை ஒரேயடியாக முக்கால் சதவீதம் குறைத்தது. 30ஆம் தேதி மேலும் அரை சதவீதம் குறைத்தது. பங்குச் சந்தைகள் சரிந்துகொண்டிருந்தன, டாலர் வலுவிழந்திருந்தது. தங்கம் ஏறுவதற்கு அவை மட்டுமே போதும்.

அளவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். அன்றைய தென்னாப்பிரிக்கா ஆண்டுக்கு ஏறத்தாழ 250 டன் தங்கம் எடுத்தது, அதாவது நாளொன்றுக்கு முக்கால் டன்னுக்கும் குறைவு. உற்பத்தி முழுமையாக நின்றது சுமார் ஐந்து நாட்கள் என்பதால், இழப்பு மூன்றரை டன் அளவில் இருக்கும். லண்டன் சந்தையில் அப்போது ஒரே நாளில் கணக்குத் தீர்க்கப்பட்ட தங்கம் 500 டன்னுக்கு மேல். உலகில் அதுவரை தோண்டியெடுக்கப்பட்டு நகையாகவும் கட்டியாகவும் மக்களிடமும் வங்கிகளிடமும் இருந்த தங்கம் ஒன்றரை லட்சம் டன்னைத் தாண்டும். தங்கத்தை யாரும் தின்று தீர்ப்பதில்லை. விலை சற்று ஏறினாலே பழைய நகைகள் உருக்குப் பட்டறைக்கு வந்துவிடும். இந்தக் காரணத்தால்தான் சுரங்க வரத்தில் ஏற்படும் சிறு குறைவு விலையில் தனியாகத் தென்படுவதில்லை.

அந்த ஆண்டின் மீதிக் கதையையும் பார்க்க வேண்டும். ஜனவரி இறுதியில் சுரங்கங்களுக்கு 90 சதவீத மின்சாரம் திரும்பக் கிடைத்தது. இழந்த பத்து சதவீதம் பல மாதங்கள் நீடித்ததால், ஆண்டு முடிவில் தென்னாப்பிரிக்க உற்பத்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வீழ்ந்திருந்தது. அப்படியிருந்தும் அக்டோபரில் தங்கம் 700 டாலரை ஒட்டி இறங்கியது. வரத்துதான் விலையை நடத்தியது என்றால் இந்த இறக்கத்தை எப்படி விளக்குவது?

கோவை_வார்ப்பகம்:
மின்வெட்டால் தங்க விலை ஏறும் என்பதை நான் நேரில் கண்டவன். எங்கள் பட்டறையில் வார்ப்பு உலை ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், பல நகைகளை மரக்கிளைபோல ஒன்றாக இணைத்து வார்க்கும் அந்த மரம் முழுவதும் வீணாகிவிடும். மறுபடி உருக்கி, மறுபடி மெழுகு அச்சு எடுக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி ஓட்டினால் கிராமுக்கு ஆகும் செலவு கூடுகிறது, அது வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. அப்படியிருக்க, பாதிப்பே இல்லை என்பதை எப்படி ஏற்பது?

பாறைமுகம்:
ஐயா, நீங்கள் சொல்வது செய்கூலியும் சேதாரமும் கூடும் விதம். அது உண்மையான சுமை; ஆனால் ரசீதில் தங்க விலைக்கு அடுத்த வரியில் வருவது. மாலதி அவர்கள் கேட்பது அவுன்ஸ் விலையைப் பற்றி. கோவையில் உலை நின்றாலும் லண்டனில் அவுன்ஸ் விலை அசையாது.

கோலார்_பேரன்:
இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். என் தாத்தாவும் அப்பாவும் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். 1902 முதல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. தரைக்கு மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய அந்தச் சுரங்கத்தில், மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதை அப்பா அடிக்கடி விளக்குவார். விளக்கு அணைவது பெரிய விஷயமில்லை. கூண்டை இறக்கி ஏற்றும் வைண்டர் நின்றால் ஆட்கள் கீழேயே மாட்டிக்கொள்வார்கள். காற்றாடி நின்றால் வெப்பம் மளமளவென்று ஏறும். பம்பு நின்றால் ஊற்றுநீர் அடிமட்டத்திலிருந்து நிரம்பத் தொடங்கும். ஆகவே 2008இல் அந்த நிறுவனங்கள் பணத்தைக் கருதி நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பாறைமுகம்:
நீங்கள் நினைப்பது சரி. கீழே இறங்கியவர்களை மேலே கொண்டுவர மின்சாரம் இருக்கும் என்ற உறுதி இல்லாததால்தான் ஆட்களை இறக்க மறுத்தார்கள். ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே உள்ள பொனெங் சுரங்கம் தரைக்குக் கீழே நான்கு கிலோமீட்டரை நெருங்குகிறது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டுவதால், பனிக்கூழை மேலிருந்து குழாய் வழியே இறக்கிக் குளிரவைத்த பிறகே மனிதர் நின்று வேலை செய்ய முடியும். மின்சாரம் திரும்பிய மறு நிமிடம் வேலை தொடங்கிவிடாது. காற்றோட்டம் சீராக வேண்டும், பாறையின் நிலையைச் சோதிக்க வேண்டும், அதன் பின்பே ஷிப்டு இறங்கும்.

பிற்காலத்தில் எஸ்காம் இதற்கு வேறு ஏற்பாடு செய்தது. ஊர்களில் சுழற்சி முறையில் மின்சாரத்தை நிறுத்தினாலும், பெரிய சுரங்கங்களிடம் பத்து, இருபது சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே கேட்பார்கள். சுரங்கத்தார் பெரும்பாலும் மேலே உள்ள அரைவை ஆலையை முதலில் நிறுத்துவார்கள். காற்றாடியிலும் பம்பிலும் கைவைக்க மாட்டார்கள். அரைக்கப்படாத தாது குவியலாகக் காத்திருக்கும், பிறகு அரைபடும். அப்போது தங்கம் தாமதமாகிறதே தவிர, இழக்கப்படுவதில்லை. கீழே ஒரு ஷிப்டு இறங்காமல் போனால்தான் அந்த நாளின் தாது அந்த ஆண்டுக் கணக்கிலிருந்து போய்விடும். செய்தித்தாளில் மின்வெட்டு என்று படிக்கும்போது, நின்றது ஆலையா அல்லது வைண்டரா என்று பார்த்தால் பாதிப்பின் அளவு தெரிந்துவிடும்.

இளங்கோ_சந்தை:
அப்படியானால் பிளாட்டினத்துக்கு என்ன சொல்வீர்கள்? அதே மின்வெட்டு, அதே நாடு. பிளாட்டினம் 2008 மார்ச்சில் 2,200 டாலரைத் தாண்டியதே?

நிலவன்_78:
பிளாட்டினச் சுரங்க உற்பத்தியில் முக்கால் பங்கு அந்த ஒரே நாட்டிலிருந்து வருகிறது. வாகனப் புகையைச் சுத்திகரிக்கும் கருவிக்கு அது தேவை, கையிருப்போ சொற்பம். அதனால்தான் அன்று விலை ஏறியது. ஆனால் 2014இல் பிளாட்டினச் சுரங்கங்களில் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் நடந்தபோது விலை பெரிதாக அசையவில்லை. போராட்டம் வரும் என்று முன்பே தெரிந்ததால் சேர்த்துவைத்திருந்தார்கள். ஆகவே பிளாட்டினத்திலும் எதிர்பாராத தடைதான் அடித்தது.

தங்கத்தில் வேலைநிறுத்தத்தின் வரலாறு இன்னும் தெளிவாக இருக்கிறது. 2022 மார்ச்சில் சிபான்யே-ஸ்டில்வாட்டர் நிறுவனத்தின் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் சுமார் முப்பதாயிரம் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கேட்டு இறங்கிய போராட்டம் மூன்று மாதம் நீடித்தது. தொடங்கிய வாரத்தில் தங்கம் 2,000 டாலருக்கு மேல் இருந்தது, முடிந்தபோது 1,850 டாலரை ஒட்டி நின்றது. மூன்று மாதம் கூலியில்லாமல் குடும்பம் நடத்திய அந்தத் தொழிலாளர்களின் இழப்புதான் பெரியது. சந்தை அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இளங்கோ_சந்தை:
சரி, தடையை விடுங்கள், செலவைப் பேசுவோம். எஸ்காம் 2023 ஏப்ரலில் கட்டணத்தை 18 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது. 2022இல் உக்ரைன் போருக்குப் பிறகு டீசல் விலை ஏறி, மேற்கு ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் டீசலை நம்பி ஓடும் திறந்தவெளிச் சுரங்கங்கள் திணறின. அடக்கவிலை ஏறினால் விற்பனை விலை ஏறித்தானே ஆக வேண்டும்? அடக்கத்துக்குக் கீழே யார் விற்பார்கள்?

பாறைமுகம்:
சிமெண்டுக்கு இது பொருந்தும், தங்கத்துக்குப் பொருந்தாது. சிமெண்ட் ஆலை விலையைக் கூட்டிக் கேட்கலாம். சுரங்கத்தார் தங்கள் கட்டியை அன்றைய லண்டன் விலைக்குத்தான் கொடுக்க முடியும். 2022இல் செலவு எல்லா இடத்திலும் ஏறியது. தங்கமோ ஆண்டைத் தொடங்கிய விலைக்கு அருகிலேயே முடித்தது. இடைப்பட்ட லாபம் சுருங்கியது, அவ்வளவுதான்.

உண்மையில் விலைதான் செலவைத் தீர்மானிக்கிறது என்று சொல்லலாம். விலை உயர்ந்தால் தரம் குறைந்த தாதுவையும் அரைப்பது கட்டுபடியாகும். டன்னுக்குக் கிடைக்கும் கிராம் குறைவதால், அவுன்ஸுக்கான மின்செலவும் கூலியும் தாமாகவே கூடிக் காட்டும். 2013இல் விலை கால் பங்குக்கு மேல் சரிந்தபோது, நல்ல தாதுவை மட்டும் எடுத்து, விரிவாக்கத்தை நிறுத்தி, செலவை இறக்கினார்கள். மின்கட்டண உயர்வு தாக்குவது அந்தச் சுரங்கத்தின் பங்கு விலையையும் ஆயுளையும் அங்குள்ள வேலைகளையும்தான். 2008இலேயே இதைக் காணலாம்: தென்னாப்பிரிக்க நாணயமான ராண்டில் ஒரு டாலரின் விலை ஜனவரி தொடக்கத்தில் 7 ராண்டுக்குக் கீழே இருந்தது, மார்ச் இறுதியில் 8 ராண்டைத் தொட்டது. மின்வெட்டின் தழும்பு டாலர் விலையைவிட ராண்டில் ஆழமாகப் பதிந்தது.

நிலவன்_78:
ஒரு திருத்தம் தேவை. வரத்துத் தடை தங்க விலையை அசைக்கவே அசைக்காது என்று முடிவு கட்டக் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் சுவிட்சர்லாந்தின் டிசினோ பகுதியில் உள்ள சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டன, விமானங்களும் நின்றன. உலகில் தங்கம் குறையவில்லை. நியூயார்க் சந்தைக்கு வேண்டிய வடிவத்தில், வேண்டிய இடத்தில் அது இல்லை. அதனால் நியூயார்க் எதிர்கால ஒப்பந்த விலை லண்டன் விலையைவிட அவுன்ஸுக்கு 70 டாலர்வரை விலகி நின்றது. சுரங்கம் நிற்பதைவிட உருக்காலையும் விமானமும் நிற்பதுதான் சந்தைக்கு உடனே வலிக்கிறது.

இளங்கோ_சந்தை:
நீண்டகாலக் கணக்கில் நான் இன்னும் உடன்படவில்லை. 1970இல் ஏறத்தாழ ஆயிரம் டன் எடுத்த தென்னாப்பிரிக்கா இன்று நூறு டன் அளவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு மின்வெட்டும் ஒவ்வொரு கட்டண உயர்வும் ஆழமான சுரங்கங்களை மூடும் நாளை நெருங்கச் செய்கின்றன. மூடிய சுரங்கம் திரும்ப வருவதில்லை.

கோலார்_பேரன்:
அது உண்மை. தங்கவயல் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டபோது, எடுக்கும் செலவு தங்கத்தின் விலையைவிடப் பல மடங்கு இருந்தது. உலக விலையும் 300 டாலருக்குக் கீழே கிடந்தது. பின்னர் விலை எவ்வளவோ ஏறியும் அந்த ஆழத்துக்கு யாரும் திரும்பவில்லை, ஏனெனில் பம்பு நின்றதும் தண்ணீர் நிரம்பிவிட்டது.

பாறைமுகம்:
ஆனால் அதே காலத்தில் உலக உற்பத்தி சுமார் 1,500 டன்னிலிருந்து 3,600 டன்னுக்கு வளர்ந்திருக்கிறது. சீனா, ரஷ்யா, ஆஸ்திரேலியா, கானா ஆகியவை அந்த இடத்தை நிரப்பிவிட்டன. இனிமேலும் அப்படி நிரம்புமா என்பதில் இளங்கோவுக்கு ஐயம் உண்டு. புதிய பெரிய படிவங்கள் அரிதாகி வருவதால் அந்த ஐயத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அது பத்து, இருபது ஆண்டுகளின் கேள்வி.

மாலதி அவர்களே, தை மாதத்துக்குள் உங்கள் விலையை மாற்றக்கூடியவை அமெரிக்க வட்டி, ரூபாயின் மதிப்பு, இறக்குமதி வரி ஆகிய மூன்றுதான். 2024 ஜூலையில் வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தபோது ஒரே நாளில் கிராம் விலை இறங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுரங்க வேலைநிறுத்தத்தைக் காரணம் காட்டி யாரும் உங்களை அவசரப்படுத்த இடம் கொடுக்காதீர்கள்.

மாலதி_திருச்சி:
மிக்க நன்றி. இரண்டு தவணையாகப் பிரித்து வாங்கலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறோம். இளங்கோ அவர்களே, ஆழமான சுரங்கங்கள் எல்லாம் மூடப்பட்டால் விலை ஏறும் என்ற உங்கள் கருத்துக்கு, பழைய நகை சந்தைக்குத் திரும்பி வருவதையும் சேர்த்துக் கணக்கு ஏதேனும் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

இளங்கோ_சந்தை:
போடவில்லை. பழைய நகை ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் திரும்புகிறது. ஆனால் நம் ஊரில் பலரும் நகையை விற்பதைவிட அடகு வைக்கவே விரும்புகிறார்கள். விலை ஏறும்போது எவ்வளவு உருக்க வருகிறது, எவ்வளவு பெட்டகத்தில் அடகாகப் படுத்துவிடுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் அந்தக் கணக்கு முடியாது. அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.