பதினொரு அட்டையில் ஒரே குறிப்புரை

திருமங்கலம் கணக்கு ஆசிரியை:
ஏழாம் வகுப்பில் 42 பிள்ளைகள். பள்ளி தந்த அறுபது வாக்கியக் குறிப்புரைத் தொகுப்பிலிருந்து எடுத்துப் போட்டால், அரையாண்டு அட்டையில் பதினொரு பேருக்கு "நன்று, இன்னும் முயன்றால் சிறக்கலாம்" என்றே வருகிறது. தனித்தனியாக எழுத நேரமில்லை. என்ன செய்யலாம்?

மேலூர் பழைய வாத்தியார்:
அந்தத் தொகுப்பைத் தூக்கிப் போடுங்கள். பணியில் இருந்தவரை நான் எல்லா அட்டையிலும் என் கையால்தான் எழுதினேன். பிள்ளையின் முகம் நினைவுக்கு வராமல் பேனா நகராது.

செல்லூர் கணினிக்காரர்:
ஐயா சொல்வது அந்தக் காலம். வாக்கியங்கள் போதாததுதான் காரணம். அறுபதை நானூறாக்கிவிட்டால் ஒன்றுபோல் இன்னொன்று வராது.

அனுப்பானடி ஆசிரியர்:
நானூறு ஆக்கினாலும் இதே கதைதான், ஏனென்றால் கோளாறு எண்ணிக்கையில் இல்லை, தொகுப்பை அடுக்கிய முறையில் இருக்கிறது. 50 முதல் 70 வரை எடுத்தவர்களுக்கு இந்த வாக்கியங்கள் என்று மதிப்பெண்ணை வைத்துப் பிரித்திருப்பார்கள். அந்தக் கட்டுக்குள் வரும் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்த வேண்டுமானால், பக்கத்திலுள்ள எண் சொல்வதைத் தவிர அந்த வாக்கியம் வேறு எதையும் சொல்ல முடியாது.

என் வகுப்பில் இரண்டு பேர் 61 எடுத்தார்கள். ஒருவன் 2/3 + 1/4 என்பதற்கு மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டி 3/7 என்று எழுதியிருந்தான். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. மற்றவள் போட்ட கணக்கெல்லாம் சரி, ஆனால் கடைசி மூன்று வாழ்க்கைக் கணக்குகளைத் தொடவே இல்லை. கேள்வியை நான் வாசித்துக் காட்டியதும் அங்கேயே போட்டுவிட்டாள். இந்த இருவருக்கும் ஒரே குறிப்புரையா?

அதனால் நான் தொகுப்பைப் பிழையின் வகையை வைத்து அடுக்கினேன். விடைத்தாள் திருத்தும்போதே மதிப்பெண் பதிவேட்டின் ஓரத்தில் ஓர் எழுத்து போடுவேன்: பின்னக் கூட்டலுக்கு "ப", குறை எண்களில் தடுமாறினால் "கு", கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்வதில் சிக்கல் என்றால் "வா". ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். அதன் பின்னால் நான் கண்ணால் பார்த்ததை ஏழெட்டுச் சொற்களில் சேர்ப்பேன். கணினி விரிதாளில் 'குறிகள்' என்று ஒரு தாள் வைத்து, அதன் A பத்தியில் எழுத்தையும் B பத்தியில் அதற்குரிய வாக்கியத்தையும் போடுங்கள். பிள்ளைகளின் தாளில் எழுத்து C பத்தியிலும் பார்த்தது D பத்தியிலும் இருந்தால் இது போதும்:

```
=VLOOKUP(C2,'குறிகள்'!$A:$B,2,FALSE)&" "&D2
```

ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 42 பேருக்கு 84 நிமிடம். இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். அட்டை கொடுக்கும் வாரத்தில் உட்கார்ந்து யோசித்தால்தான் எதுவும் நினைவுக்கு வராமல் "நன்று" வந்து விழுகிறது.

உசிலம்பட்டி அம்மா:
எனக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியவில்லை. ஆனால் என் மகளின் அட்டையில் "நன்றாகப் படிக்கிறான்" என்று எழுதி வந்தது. யாருடைய அட்டையை எனக்குக் கொடுத்தார்கள் என்று கேட்கத்தான் பள்ளிக்கே போனேன்.

அனுப்பானடி ஆசிரியர்:
அம்மா, அட்டை உங்கள் மகளுடையதாகத்தான் இருக்கும். ஒட்டிய வாக்கியம்தான் ஒரு பையனுக்காக எழுதியது. தமிழில் வினைமுற்றே ஆணா பெண்ணா என்று காட்டிவிடுவதால், பொதுத் தொகுப்பில் "கூட்டிவிடுகிறான்" என்று எழுதாமல் "கூட்டிவிடும் பழக்கம் இருக்கிறது" என்று எழுதுவதே பாதுகாப்பு. கணினி பெயரைச் சேர்க்கும்போதும் இதே தொல்லைதான்: "செல்வம்" என்ற பெயரோடு "க்கு" ஒட்டினால் "செல்வம்க்கு" என்று நிற்கும், "செல்வத்துக்கு" ஆகாது. பெயரை வேற்றுமை உருபு இல்லாமல் வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்து, ஒரு காற்புள்ளி இட்டுவிடுங்கள்.

செல்லூர் கணினிக்காரர்:
பெயர் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். வாக்கியங்கள் கூடினால் நல்லதுதான் என்பதை இன்னும் விடமாட்டேன்.

மேலூர் பழைய வாத்தியார்:
நீங்கள் எழுத்தாகப் போடுவதும் ஒரு தொகுப்புதானே? மூன்று பருவம் போனால் "ப" என்பதும் "நன்று" போல ஆகிவிடும்.

அனுப்பானடி ஆசிரியர்:
ஆகும், ஐயா. போன ஆண்டு "வா" என்ற குறியைப் பதினெட்டுப் பேருக்குப் போட்டுவிட்டேன். அத்தனை பேருக்கும் ஒரே குறை இருந்திருக்காது, எனக்குத்தான் அலுத்துப்போயிருந்தது. ஒரு குறி வகுப்பில் கால்வாசிப் பேருக்கு மேல் விழுந்தால், அதை இரண்டாக உடைக்க வேண்டும், அல்லது அந்தப் பாடத்தையே மறுபடி நடத்த வேண்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் அந்த வினாத்தாளைப் பார்த்துக் குறிகளைப் புதிதாக எழுதுவதும் அதனால்தான்.

திருமங்கலம் கணக்கு ஆசிரியை:
இன்று ஐந்து விடைத்தாள்களில் இப்படிச் செய்து பார்த்தேன், வேலை ஓடுகிறது. ஆனால் அட்டையில் குறை எதையும் எழுதக் கூடாது, பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்று எங்கள் நிர்வாகம் சொல்கிறது. "கீழெண்களையும் கூட்டிவிடும் பழக்கம்" என்று எழுதினால் அது குறையா, தகவலா?

மேலூர் பழைய வாத்தியார்:
தகவல்தான்.

உசிலம்பட்டி அம்மா:
நான் கோபப்பட மாட்டேன். ஆனால் கீழெண் என்றால் எது என்று எனக்குத் தெரியாதே, டீச்சர். அதையும் யாராவது எழுதுவீர்களா?