மெயில் நீளமாகிவிட்டது, பதில் வரவில்லை. எப்படிச் சுருக்குவது? (அவசரம்)

மஹால்_சுங்குடி · காலை 9.12
வணக்கம். ஆர்டர் கொடுத்தவருக்கு விவரமாக ஒரு மெயில் அனுப்பி நாலு நாள் ஆகிறது. பதில் இல்லை. போன் செய்தால் "ரொம்ப நீளமா இருக்கு தம்பி, சாயங்காலம் பார்க்கிறேன்" என்கிறார், பார்ப்பதில்லை. சுருக்கி மறுபடி அனுப்ப வேண்டும். எதை எடுத்தாலும் முக்கியமானது போய்விடும் போல இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

கோரிப்பாளையம்_ரவி · 9.20
ஸ்பாமில் விழுந்திருக்கும். படங்கள் நிறைய வைத்தீர்களா? ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பியைத் தாண்டினால் அப்படியே போகாது, டிரைவ் லிங்க்காக மாறிவிடும். அவரிடம் ஸ்பாம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனையூர்_செல்வி · 9.24
ரவி, அவருக்கு மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது, நீளம் என்றுதானே சொல்கிறார். தம்பி, என்ன ஆர்டர்? மெயிலில் என்ன கேட்டிருக்கிறீர்கள்? அதைச் சொல்லாமல் நாங்கள் எதைச் சுருக்குவது?

புதூர்_குமார் · 9.31
இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒரு தடவை வருகிறது, பழைய இழைகளைத் தேடிப் படித்திருக்கலாம். விதி ஒன்றுதான்: ஐந்து வரிக்கு மேல் எழுதாதீர்கள். அமெரிக்க ராணுவத்தின் கடித விதிகளிலேயே முடிவை முதலில் எழுது என்று இருக்கிறது. ஐந்து வரியில் சொல்ல வராவிட்டால் விஷயம் உங்களுக்கே தெளிவாக இல்லை என்று அர்த்தம்.

மேலூர்_பழைய_எழுத்தர் · 9.48
முடிவை முதலில் என்பது சரி. ஐந்து வரி என்று எண்ணிப் பிடிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. முப்பது வருடம் அலுவலகக் குறிப்பு எழுதியவன் நான். வரியை எண்ணிக் குறைப்பவர்கள் முதலில் வெட்டுவது தேதியையும் எண்ணிக்கையையும்தான், ஏனென்றால் அவை சின்னச் சொற்கள், எடுப்பது சுலபம். மரியாதை வாக்கியங்கள் அப்படியே நிற்கும். அப்புறம் படிப்பவர் "எத்தனை, எப்போது" என்று திருப்பிக் கேட்பார்.
தம்பி, மெயிலை அப்படியே இங்கே போடுங்கள். பெயர், விலை மட்டும் எடுத்துவிடுங்கள்.

மஹால்_சுங்குடி · 10.15
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். இதுதான் மெயில்:

"பொருள்: ஆர்டர் தொடர்பாக
மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல். தாங்கள் ஆகஸ்டு மாதம் எங்கள் வீட்டுக்கே வந்து 200 சுங்குடிச் சேலைகளுக்கு ஆர்டர் கொடுத்ததை நாங்கள் மறக்கவே இல்லை. அன்றிலிருந்து வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. முடிச்சுப் போடும் பெண்களில் ஒருவர் வீட்டில் கல்யாணம் என்பதால் இரண்டு வாரம் தடைப்பட்டது. அதன்பின் அக்டோபர் இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் மழை. சாயம் தோய்த்த சேலையை மொட்டை மாடியில் காயப்போட முடியவில்லை. ஃபேன் போட்டு வீட்டுக்குள் உலர்த்திப் பார்த்தோம், திட்டுத் திட்டாகக் காய்ந்தது. அரக்கு நிறத்தில் ஒரு 30 சேலை மாதிரியைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக வந்துவிட்டது, ஆனால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது 130 சேலை மடித்துத் தயாராக இருக்கிறது. மீதி வந்து சேர 24ஆம் தேதி ஆகிவிடும் என்று அப்பா சொல்கிறார். தங்களுக்கு 15ஆம் தேதி கண்காட்சி இருப்பதாகச் சொன்னீர்கள். சாய விலையும் ஏறிவிட்டது, முன்பணத்தில் பாக்கி இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே தாங்கள் பார்த்து ஒரு முடிவு சொன்னால் நன்றாக இருக்கும். சிரமத்துக்கு மன்னிக்கவும்."

கடை சென்னையில். சரக்கை 10ஆம் தேதி தருவதாகப் பேச்சு.

திருநகர்_மாலா · 10.22
எனக்கும் இதே கதைதான். எங்கள் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் பழுதானதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன், ஒருவரும் படிக்கவில்லை. வாட்ஸப்பில் "மோட்டார் மாற்ற வீட்டுக்கு 600 ரூபாய், ஞாயிறுக்குள்" என்று போட்டேன், அன்றைக்கே பணம் வந்தது. மெயிலே வேண்டாம், வாட்ஸப்பில் அனுப்புங்கள்.

மேலூர்_பழைய_எழுத்தர் · 10.41
மாலா அம்மா, வாட்ஸப்பில் போட்டதால் பணம் வரவில்லை. எவ்வளவு, எப்போதுக்குள் என்று இரண்டும் இருந்ததால் வந்தது. அதே வரியை மெயிலின் தலைப்பில் வைத்திருந்தாலும் வந்திருக்கும்.

தம்பி, உங்கள் மெயிலை இரண்டு தடவை படித்தேன். மூன்று கேள்வி. ஒன்று, "ஒரு முடிவு" என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த முடிவு? இரண்டு, அடர்த்தியான அந்த 30 சேலை, தயாரான 130இல் சேர்ந்ததா, வெளியேயா? மூன்று, எந்தத் தேதிக்குள் பதில் வந்தால் உங்களுக்கு உபயோகம்?

மஹால்_சுங்குடி · 11.05
130ஐ முதலில் அனுப்பலாமா, இல்லை எல்லாம் சேர்த்து 24இல் கிடைக்கும்படி அனுப்பவா என்பதுதான் முடிவு. அரக்கு 30, அந்த 130இல் சேர்ந்ததுதான். 8ஆம் தேதி லாரியில் போட்டால் 10ஆம் தேதி கிடைக்கும், அதனால் 6ஆம் தேதிக்குள் தெரிய வேண்டும்.

மேலூர்_பழைய_எழுத்தர் · 11.38
இப்போது சொன்னீர்களே, இந்த மூன்று வரியில் மெயிலில் இருப்பது எது? லாரி இல்லை, 8ஆம் தேதி இல்லை, 6ஆம் தேதி இல்லை. 130ஐத் தனியாக அனுப்பலாமா என்ற கேள்வியே இல்லை. ஆகவே இங்கே வெறும் வெட்டு வேலை போதாது. நீளமான மெயிலில் பெரும்பாலும் கேட்க வந்தது கடைசி வரியில் ஒளிந்திருக்கும், அதை எடுத்து மேலே வைத்தால் முக்கால் வேலை முடிந்தது. உங்கள் மெயிலில் கடைசி வரியிலும் அது இல்லை. முதலில் ஒரு தனித் தாளில் "அண்ணன் இதைப் படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள்" என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதுதான் மெயிலின் முதல் வாக்கியம்.

அடுத்து, அவருக்கு எது வலிக்கும் என்று பாருங்கள். உங்களுக்கு மழை பெரிது. அவருக்கு 15ஆம் தேதி பெரிது. 24இல் வரும் 70 சேலை கண்காட்சிக்குக் கிடைக்காது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு "கண்காட்சி இருப்பதாகச் சொன்னீர்கள்" என்று நிறுத்திவிட்டீர்கள். அவரே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள்.

மற்ற ஒவ்வொரு வாக்கியத்தையும் கையால் மூடிப் பாருங்கள். மூடினால் அவருடைய முடிவு மாறுமா? கல்யாணத்தை மூடினால் மாறாது, எடுத்துவிடுங்கள். ஃபேன், மொட்டை மாடி மாறாது. மழை என்று ஒரு வரி கடைசியில் போதும். அரக்கு நிறத்தை மூடினால் மாறும்: மாதிரிப்படி கண்காட்சிக்குக் கிடைப்பது 130 இல்லை, 100தான். அது நிற்க வேண்டும், அதுவும் "பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது" என்ற சமாதானம் இல்லாமல். நன்றாக இருக்கிறதா என்று அவர் படத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

ஆனையூர்_செல்வி · 11.52
ஐயா சொல்வது சரிதான், ஆனாலும் எனக்கு ஒரு நெருடல். வீட்டுக்கு வந்து ஆர்டர் கொடுத்த மனிதரிடம் எடுத்த எடுப்பில் "70 வராது" என்றா ஆரம்பிப்பது? நலம் கேட்டுவிட்டுத்தான் நம் ஊரில் காரியம் பேசுவோம்.

புதூர்_குமார் · 11.58
நலம் விசாரிப்பதெல்லாம் இன்லேண்ட் கவர் காலம். போனில் மெயில் பெட்டியைத் திறந்தால் தலைப்பும் முதல் சில சொற்களும்தான் தெரியும். அந்த இடத்தில் "மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு வணக்கம் நலம்" என்று இருந்தால் யார் திறப்பார்கள்? அடிப்படை தெரியாமல் பேசக்கூடாது.

ஆனையூர்_செல்வி · 12.06
அடிப்படை எனக்கும் தெரியும். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் பெற்றோருக்கு எழுதுகிறவள். வணக்கத்தை எடுத்துவிட்டு அனுப்பிய மெயிலுக்கு "மிரட்டுகிறீர்களா" என்று பதில் வாங்கியிருக்கிறேன். படிப்பவர் யார் என்பதும் முக்கியம்.

புதூர்_குமார் · 12.11
அது சொற்களின் குறை, வரிசையின் குறை இல்லை.

மேலூர்_பழைய_எழுத்தர் · 12.30
இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. வணக்கம் ஒரு சொல், அது இருக்கட்டும். தலைப்பு காரியத்தைச் சொல்லிவிட்டால் வணக்கம் எதையும் மறைக்காது. இழவுச் செய்திக்கும் மனத்தாங்கலுக்கும் நான் இந்த முறையைச் சொல்ல மாட்டேன், அங்கே நேரில் போக வேண்டும். இது சரக்குத் தேதி.
தம்பிக்கு நான் எழுதிப் பார்த்தது:

"பொருள்: 130 சேலை 10ஆம் தேதி, மீதி 70 சேலை 24ஆம் தேதி – 6ஆம் தேதிக்குள் உங்கள் சம்மதம் தேவை

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். 200 சேலையில் 130 தயார். 8ஆம் தேதி லாரியில் ஏற்றினால் 10ஆம் தேதி உங்களுக்குக் கிடைக்கும். மீதி 70 சேலை 24ஆம் தேதிதான் வரும், 15ஆம் தேதி கண்காட்சிக்குக் கிடைக்காது. இப்படி இரண்டு தவணையாக அனுப்பலாமா? 6ஆம் தேதி மாலைக்குள் சொல்லுங்கள்.

இந்த 130இல் அரக்கு நிறச் சேலை 30, நீங்கள் கொடுத்த மாதிரியைவிட அடர்த்தியாக வந்திருக்கிறது. மாதிரியோடு சேர்த்து வைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் இணைத்திருக்கிறேன். அவற்றையும் அனுப்பவா, நிறுத்தி வைக்கவா?

தொடர் மழையில் சேலை காயாததால் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்."

பாக்கிப் பணத்தை இதில் சேர்க்காதீர்கள். தாமதம் சொல்லும் மெயிலிலேயே பணமும் கேட்டால் அவர் மனம் பணத்துக்குப் போய்விடும், தேதிக்குப் பதில் வராது. அரக்குச் சேலையையும் தனி மெயிலாக அனுப்புவதே எனக்குப் பிடிக்கும். ஆனால் அதே லாரியில் போக வேண்டிய சரக்கு என்பதால் இதிலேயே வைத்தேன்.

கோரிப்பாளையம்_ரவி · 12.44
பாக்கியைப் பிரிப்பது சரியாகப் படவில்லை. 130க்கு பில் போட்டால் பணப் பேச்சு எப்படியும் வரும், முதலிலேயே சொல்வது நல்லது. அப்புறம் ஒன்று, பழைய மெயிலுக்கே ரிப்ளை போட்டு அனுப்பினால் கீழே அந்த நீளம் எல்லாம் தொங்கும். புது மெயிலாக அனுப்புங்கள். ஜிமெயிலில் ரிப்ளையில் தலைப்பை மாற்றினாலே அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும், ஆனால் பழைய வாசகம் உள்ளே இருக்கும், அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

மேலூர்_பழைய_எழுத்தர் · 12.50
புது மெயில் என்பது நல்ல யோசனை. பில் விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை, சம்மதம் வந்த பிறகு பில் அனுப்பட்டும்.

திருநகர்_மாலா · பிற்பகல் 1.15
ஐயா, வங்கிக்கு நான் எழுதிய மெயில் ஒன்று இருக்கிறது, ஒன்றரைப் பக்கம். அதையும் போடவா?

மேலூர்_பழைய_எழுத்தர் · 1.22
தனி இழையில் போடுங்கள் அம்மா, பார்க்கிறேன். கணக்கு எண்ணை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

மஹால்_சுங்குடி · மறுநாள், காலை 8.40
நேற்று இரண்டு மணிக்கு அனுப்பினேன், மூன்றுக்குள் பதில் வந்துவிட்டது. "130 அனுப்புங்க, மீதி 24 ஓகே." அவ்வளவுதான். அரக்குச் சேலை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எல்லாருக்கும் நன்றி.

ஆனையூர்_செல்வி · 8.52
படத்தைத் திறந்தே பார்க்கவில்லை போலிருக்கிறது. 130 அனுப்பச் சொன்னதால் அந்த முப்பதும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பிறகு திருப்பி அனுப்பினால் லாரி வாடகை உங்கள் தலையில்.

மேலூர்_பழைய_எழுத்தர் · 9.03
செல்வி சொல்வது சரி. இரண்டு கேள்வி வைத்தேன், முதலாவதுக்கு மட்டும் பதில் வந்திருக்கிறது. பிரித்தே எழுதியிருக்க வேண்டும். தம்பி, இன்றைக்கே இன்னொரு மெயில் போடுங்கள். தலைப்பில் "அரக்கு 30 சேலை: அனுப்பவா, நிறுத்தவா? நாளை மாலைக்குள்" என்று இருக்கட்டும். உள்ளே படமும் ஒரு வரியும் போதும். 8ஆம் தேதிக்கு முன் பதில் வந்ததா என்று இங்கே சொல்லுங்கள்.