ஃபிரிட்ஜில் தக்காளி: மாமி சரியா, மருமகள் சரியா?

நிலாவெளி மருமகள்: சந்தையில் தக்காளி மலிவு, அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். பாதி செங்காய், பாதி நல்ல பழம். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாதென்று மாமி ஒற்றைக்காலில் நிற்கிறார். இந்த வெயிலுக்கு வெளியே வைத்தால் அழுகாதா?

கன்னியா பொடியன்: மாமி சொல்வதுதான் சரி அக்கா. தக்காளி, வாழைப்பழம், பாண், தேன் நான்குக்கும் ஃபிரிட்ஜ் ஆகாது. குளிரில் சத்தெல்லாம் போய்விடும்.

தோட்டக்காரன்: சத்து இல்லை தம்பி, போவது மணம். 2016இல் புளோரிடா பல்கலைக்கழகத்தார் பழுத்த தக்காளியை 5 பாகையில் ஒரு கிழமை வைத்துப் பார்த்தார்கள். மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிவிட்டன, வெளியே எடுத்த பிறகும் முழுதாக மீளவில்லை. இனிப்பும் புளிப்பும் பெரிதாக மாறவில்லை. செங்காய்தான் பாவம். 12 பாகைக்குக் கீழே பல நாள் கிடந்தால் ஒழுங்காகப் பழுக்காது. திட்டுத்திட்டாக நிறம் மாறி, தோலில் குழி விழுந்து, அந்த இடத்திலேயே அழுகத் தொடங்கும்.

கன்னியா பொடியன்: அப்ப எல்லாவற்றையும் வெளியே வைக்கட்டுமே?

தோட்டக்காரன்: 'வெளியே வை' என்று எழுதுகிறவர்கள் 20 பாகை அறையை நினைத்து எழுதுகிறார்கள். ஆடி மாதத்தில் நம்மூர்க் குசினி 32க்குக் குறையுமா? 30ஐத் தாண்டினால் சிவப்பு சரியாகப் பிடிக்காது, பழம் செம்மஞ்சளாகவே நின்று மெத்துப்போகும். ஆகவே தங்கச்சி, செங்காயை அடுப்புக்குத் தள்ளி, காற்றோட்டமான நிழலில், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் பரப்பி விடுங்கள். நன்றாகச் சிவந்து, விரலுக்கு லேசாக அமுங்கும் பழத்தை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடியுங்கள். மணம் கொஞ்சம் குறையும், குப்பைக்குப் போவதைவிட மேல்.

உப்புவெளி அன்ரி: வாழைப்பழத்துக்கும் இதுதானா? எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டுப் பழம் ஃபிரிட்ஜில் கறுத்துப்போய், மகன் சீப்போடு எறிந்துவிட்டான்.

தோட்டக்காரன்: அநியாயம்! பழுத்த பழமென்றால் தோல்தான் கறுக்கும், உரித்துப் பார்த்தால் உள்ளே நன்றாக இருந்திருக்கும். காயாக வைத்தால்தான் பிறகு பழுக்காது.

கிண்ணியா நானா: தேன் எங்கே வைத்தாலும் கெடாது, குளிரில் இறுகும், அவ்வளவுதான். பாணுக்கு வாங்க. மாரி காலத்தில் வெளியே வைத்தால் சட்டென்று பூஞ்சணம். நான் ஃபிரிட்ஜில்தான் வைப்பேன்.

தோட்டக்காரன்: பூஞ்சணம் நிற்கும், ஆனால் அந்தக் குளிரில்தான் பாண் வெளியே இருப்பதைவிட விரைவாக இறுகும். வெட்டி, பையில் கட்டி ஃபிரீசரில் போடுங்கள் நானா. தேவையான துண்டை மட்டும் எடுத்துத் தோசைக்கல்லில் வாட்டலாம்.

கிண்ணியா நானா: எங்கள் ஃபிரீசர் நிறைய மீன். பாணும் சூடைக்கருவாடாக மணக்கும். இறுகினாலும் பரவாயில்லை, கீழ்த்தட்டிலேயே கிடக்கட்டும்.

நிலாவெளி மருமகள்: செங்காயைப் பரப்பிவிட்டேன். பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தேன், மாமி திரும்ப வெளியே எடுத்துவிட்டார்.