‘இறுதிநிலை வருவாய்’: வேறு சொல் கிடைக்குமா?

அல்சூர்:
பெங்களூரில் கன்னடம், இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்காகப் பொருளியல் கையேடு எழுதுகிறோம். ஒரே ஆள் மட்டும் விற்கும் முற்றுரிமை பற்றிய அத்தியாயத்தில் சிக்கல்: இன்னும் ஓர் அலகு விற்பதால் மொத்த வரவு எவ்வளவு மாறுகிறது என்பதற்கு என்ன சொல் போடுவது? தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘இறுதிநிலை வருவாய்’, இலங்கையில் ‘எல்லை வருமானம்’. ‘இறுதி’ என்றதும் கடைசியில் கைக்கு வரும் மொத்தப் பணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘கூடும் வரவு’ சரியாக வருமா?

கோரமங்கலா:
இதற்குச் சொல்லே எதற்கு? போட்டி இல்லை, கேட்க ஆளில்லை, வைத்ததுதான் விலை. முடிந்தது.

மல்லேஸ்வரம்:
பாதி சரி சார். விலையை அவர் வைக்கலாம், எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது அவர் கையில் இல்லை. ஓர் ஐடி வளாகத்துக்குள் ஒரே காபிக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பால், டிகாக்‌ஷன், கூலி சேர்த்துக் கப்புக்கு அடக்கம் 10 ரூபாய். 35 ரூபாய்க்கு 50 கப் போகும். விலையில் 5 குறைக்கக் குறைக்க 50 கப் கூடும்.

35-இல் லாபம் 1,250. 25-இல் 150 கப், லாபம் 2,250. 20-க்கு இறக்கினால் 200 கப் போகிறது, லாபமோ 2,000 ஆகிவிடுகிறது. புதிதாக வந்த 50 பேர் 1,000 தந்தார்கள். ஏற்கெனவே 25 கொடுத்த 150 பேருக்கும் ஆளுக்கு 5 குறைத்ததில் 750 போனது. மிச்சம் 250, கப்புக்கு 5 ரூபாய். அடக்கத்துக்கே காணாது. அதனால்தான் அவர் 25-ஐ விட்டு இறங்குவதில்லை. அந்த 5-க்குத்தான் பெயர் தேடுகிறோம்.

பத்துக் கடை இருந்தால்? விலையைக் குறைக்கிறவர் அடுத்த கடைகளின் கூட்டத்தை இழுக்கிறார். அந்த 750-இல் பெரும்பங்கு மற்றவர்கள் தலையில் விழுகிறது, அவருக்கு வலிக்காது. எல்லாரும் இப்படியே செய்ய, விலை 10-ஐ நோக்கி இறங்கும்.

வைட்ஃபீல்டு:
எங்கள் வளாகத்தில் வாடகைதான் காரணம் அக்கா. ஏலத்தில் வாடகை ஏறியது, காபியும் ஏறிவிட்டது.

மல்லேஸ்வரம்:
மாதம் இவ்வளவு என்று கட்டும் வாடகை, 50 கப் விற்றாலும் 200 விற்றாலும் ஒன்றுதான். அதற்காக 25-ஐ 30 ஆக்கினால் லாபம் 2,000-க்கு இறங்கும், வாடகை கட்ட இன்னும் கஷ்டம். ஒற்றைக் கடையாக இருக்கலாம் என்பதால்தான் ஏலத்தில் அவ்வளவு கேட்கிறார்கள். விற்பனையில் பங்கு என்று ஒப்பந்தமோ, பால் விலை ஏற்றமோ என்றால் வேறு கதை. அது கப்புக்குக் கப் கூடும்.

‘கூடும் வரவு’ உதவாது. 20-இலிருந்து 15-க்கு இறக்கினால் மொத்த வரவு 4,000-இலிருந்து 3,750 ஆகக் குறைகிறது. ‘கூடும் வரவு மைனஸ் 5’ என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ‘விளிம்பு வருவாய்’?

அல்சூர்:
விளிம்புநிலை மக்கள் ஞாபகம் வருகிறதே. ‘அடுத்த அலகு வரவு’?

கோரமங்கலா:
அடுத்த கப் என்றால் எனக்கே புரிகிறது. ஆனால் அந்தக் கப் 20 ரூபாய்க்கு விற்றதுதானே, 5 என்றால் எப்படி?

மல்லேஸ்வரம்:
அங்கேதான் அந்தச் சொல்லும் உதைக்கிறது. 5 அந்தக் கப்பின் விலை இல்லை, அதனால் கல்லாவில் ஏறியது. ‘கல்லா ஏற்றம்’ என்று எழுதவும் மனசில்லை. இப்போதைக்கு ‘இறுதிநிலை’யே இருக்கட்டும், பக்கத்தில் 1,000 – 750 கணக்கைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.