வங்கிக் கடிதத்துக்கும் லெட்ஜருக்கும் 9,75,000 வித்தியாசம். பிஆர்எஸ் ஒத்துப்போகிறது, முடித்துவிடலாமா?

ஈரோடு ஆர்டிகிள்

ஆடிட்டர் அலுவலகத்தில் சிஏ பயிற்சியில் இருக்கும் இரண்டாம் வருட ஆர்டிகிள் நான். ஒரு பின்னலாடைத் துணி கம்பெனியின் 2023-24 ஆடிட்டில் வங்கிக் கணக்குகளை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நடப்புக் கணக்கு ஒன்றில் மார்ச் 31 அன்று லெட்ஜர்படி இருப்பு 24,86,400 ரூபாய். வங்கியின் உறுதிக் கடிதத்தில் 15,11,400.

கம்பெனி அக்கவுன்டன்ட் உடனே பிஆர்எஸ், அதாவது லெட்ஜரையும் வங்கி இருப்பையும் ஒத்துப்பார்க்கும் பட்டியல், எடுத்துக் கொடுத்தார். வங்கியில் போட்டு இன்னும் வரவு வராத செக் மூன்று, மொத்தம் 11,40,000. கம்பெனி கொடுத்து இன்னும் பாஸ் ஆகாத செக் இரண்டு, 1,65,000. முதலாவதைக் கழித்து இரண்டாவதைக் கூட்டினால் பைசா பிசகாமல் வங்கித் தொகை வந்துவிடுகிறது. இதைக் கோப்பில் வைத்து முடித்துவிடலாமா? மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை

தம்பி, வித்தியாசம் வரும் என்பதால்தானே பிஆர்எஸ் என்ற ஒன்றே இருக்கிறது? பதினைந்து வருஷமாக கம்பெனி பக்கம் உட்கார்ந்து இதைப் போடுகிறவன் நான். 2024 மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை. ஏப்ரல் 1 வங்கிகளுக்கு வருடக்கணக்கு முடிக்கும் நாள். சனிக்கிழமை 30ஆம் தேதி போட்ட செக் ஏப்ரல் 2க்கு முன்னால் எப்படி வரவு வரும்? கூட்டல் சரியாக வந்தால் வேலை முடிந்தது. ஆர்டிகிள் பிள்ளைகளுக்கு எல்லாமே சந்தேகம்தான்.

கரூர் ஜவுளி

எனக்கும் இதே பிரச்சினை. என் கணக்கில் பணம் குறைவாகக் காட்டுகிறது, பார்த்தால் போன மாதம் ஒரு செக் திரும்பியதற்கு அபராதம் பிடித்திருக்கிறார்கள். கிளைக்கு எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை. நீங்களும் வங்கியில் புகார் கொடுங்கள், தப்பு அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

கரூர்க்காரர் கேட்பது வேறு விஷயம், அவர் தனியாகக் கேட்கட்டும்.

கணக்குப்பிள்ளை சொன்ன விடுமுறைக் கணக்கு சரி, நல்ல கவனிப்பு. ஆனால் பிஆர்எஸ் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது. வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்தவர் அதற்கேற்ற பட்டியல் தயாரிக்க ஒரு மணி நேரம் போதும். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு செக்கும் ஏப்ரலில் என்ன ஆனது என்பதுதான் கேள்வி. ஏப்ரல் ஸ்டேட்மென்டை எடுத்து, எந்தத் தேதியில் எது வரவாயிற்று என்று பாருங்கள்.

அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த உறுதிக் கடிதம் உங்கள் கைக்கு எப்படி வந்தது?

ஈரோடு ஆர்டிகிள்

சார், அக்கவுன்டன்ட் அண்ணன்தான் கிளைக்குப் போய் வாங்கி ஸ்கேன் பண்ணி அனுப்பினார். எங்களுக்கு அலைச்சல் மிச்சம் என்று நினைத்தேன்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

அப்படியென்றால் அது வங்கியிடமிருந்து வந்ததாகக் கணக்கில்லை. கேட்கும் கடிதத்தில் கம்பெனி கையெழுத்துப் போடும். ஆனால் அனுப்புவது நீங்கள், பதிலும் நேராக உங்கள் அலுவலகத்துக்கு வரவேண்டும். வெளியாரிடம் உறுதி வாங்குவது பற்றிய தணிக்கைத் தரம் எஸ்ஏ 505 கேட்பதே இந்தப் பிடிமானத்தைத்தான். 2009 ஜனவரியில் சத்யம் கம்பெனியின் கணக்கில் 5,040 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் இல்லாதவை என்று அதன் தலைவரே எழுதிக் கொடுத்தாரே, நினைவிருக்கிறதா? அங்கேயும் உறுதிக் கடிதங்கள் கோப்பில் இருந்தன.

உங்கள் கம்பெனி அப்படி என்று சொல்லவில்லை. மறுபடி நேராகக் கேட்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

ஈரோடு ஆர்டிகிள்

பத்து நாள் கழித்து வருகிறேன். நேராகக் கேட்ட கடிதம் வங்கியின் அலுவலக மின்னஞ்சலிலிருந்தே வந்தது. அதே 15,11,400. கடிதம் பொய் இல்லை என்று தெரிந்ததும் மூச்சு வந்தது.

அப்புறம் ஏப்ரல் ஸ்டேட்மென்டை வைத்து உட்கார்ந்தேன். 3,40,000 ரூபாய் செக் ஏப்ரல் 2 அன்று வரவு. சரி. ஆனால் 5,00,000 ஏப்ரல் 22இலும், 3,00,000 ஏப்ரல் 23இலும்தான் வந்திருக்கின்றன. மூன்றுக்குமே லெட்ஜரில் மார்ச் 30 தேதி. கேட்டால், செக் கைக்கு வந்துவிட்டது, டிராயரில் வைத்து மறந்துவிட்டேன் என்கிறார் அண்ணன்.

கணக்குப்பிள்ளை

டிராயரில் மறப்பது நடக்கிற விஷயம்தான், நானே செய்திருக்கிறேன். ஆனால் ஒன்றாக இரண்டு செக், மூன்று வாரம்... ம்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

இப்போது நீங்கள் பார்க்கவேண்டியது வங்கியை அல்ல, உங்கள் கம்பெனியின் கணக்கு மென்பொருளான டேலியை. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் ஒவ்வொரு பதிவையும் மாற்றத்தையும் குறித்து வைக்கும் எடிட் லாக் இருக்கும் மென்பொருளில்தான் கணக்கு எழுதவேண்டும். வவுச்சர் தேதியை யாரும் மாற்றிப் போடலாம்; அந்த வவுச்சர் எந்த நாள், யாருடைய லாகினில் உருவானது என்பது லாகில் இருக்கும்.

கூடவே செக் படத்தை வங்கியிடம் கேளுங்கள். இப்போது தீர்வுக்குப் போவது செக்கின் படம்தான், அதனால் கிடைக்கும். செக்கில் என்ன தேதி என்று பாருங்கள்.

ஈரோடு ஆர்டிகிள்

சார், லாகில் இரண்டு வவுச்சரும் ஏப்ரல் 20 மாலை உருவாகியிருக்கின்றன. 5 லட்சம் செக்கில் எழுதியிருக்கும் தேதி ஏப்ரல் 18. ஆனால் 3 லட்சம் செக்கில் மார்ச் 25! இது எப்படி?

இன்னொன்று. இரண்டு பார்ட்டியுமே ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி வைத்திருந்தவர்கள். மார்ச் 31இல் வசூலானதாகக் காட்டிவிட்டதால், கடன்பாக்கியின் வயதுப் பட்டியலில் இருவரின் பெயரும் இல்லை.

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

அந்தக் கடைசி வரிதான் காரணமாக இருக்கலாம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். 5 லட்சம் தெளிவு: மார்ச்சில் அந்த வரவு இல்லை. வங்கியில் குறைத்து, கடன்பாக்கியில் ஏற்றி, ஆறு மாதத்துக்கு மேல் என்ற வரிசையில் போடச் சொல்லுங்கள்.

3 லட்சம் அப்படி இல்லை. செக் மார்ச் 31க்குள் உண்மையிலேயே கைக்கு வந்திருந்தால், அது கையிருப்புச் செக். கம்பெனிகள் சட்டத்தின் அட்டவணை III-இல் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. அப்போதும் வங்கி இருப்பில் சேராது. வந்ததா என்று காட்ட பார்ட்டியின் லெட்ஜரில் அவர் என்றைக்கு அந்தச் செக்கை எழுதிக் கொடுத்தார் என்று பார்க்கவேண்டும். அந்தக் கடிதமும் நேராக உங்களிடமிருந்தே போகட்டும்.

இறுதித் தேர்வு மாணவி

அண்ணா, இது மோசடி இல்லையா? கம்பெனிகள் சட்டம் 143(12)படி மத்திய அரசுக்கு ஏடிடி-4 படிவம் போடவேண்டாமா?

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

அம்மா, அரசுக்குப் போவது ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் என்றால். அதற்குக் கீழே என்றால் போர்டுக்கு. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது கம்பெனிக்கு எதிராக அதன் அதிகாரியோ ஊழியரோ செய்த மோசடியை. இங்கே பணம் போகவில்லை, தேதி நகர்ந்திருக்கிறது. அக்கவுன்டன்ட் தானாகச் செய்தாரா, மேலே யாராவது சொன்னார்களா என்பது தெரியாமல் நான் பதில் சொல்லமாட்டேன். கையெழுத்துப் போடும் பார்ட்னர் முடிவு செய்யட்டும்.

ஆர்டிகிள் தம்பி, அந்த 1,65,000?

ஈரோடு ஆர்டிகிள்

அதை மறந்தே போனேன் சார். 1,20,000 செக் ஏப்ரல் 3இல் பாஸ். 45,000 செக் மார்ச் 28 தேதி போட்டது, இன்றைக்கு ஜூலை 15, இன்னும் வரவில்லை. மூன்று மாதம் தாண்டிவிட்டதால் இனி செல்லாது. பார்ட்டி தொலைத்துவிட்டார் என்கிறார் அண்ணன். 5 லட்சத்தைத் திருப்பச் சொன்னதிலிருந்து அவர் என்னோடு அதிகம் பேசுவதில்லை. 3 லட்சம் பார்ட்டியிடமிருந்தும் பதில் வரவில்லை.

45,000 பார்ட்டிக்கு நாளை காலை நானே கடிதத்தைக் கூரியரில் போடுகிறேன்.