மேலாளருக்கு 50 சொல்லில் மின்னஞ்சல், 140 சொல்லில் அறிக்கை: எவ்வளவு பணிவு வேண்டும்?

எபேனுக்குப் புதியவன்

வணக்கம். மதுரையிலிருந்து மொரிஷியஸ் வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. எபேனில் ஒரு நிறுவனத்தில் வேலை. கேம்பிரிட்ஜ் பிசினஸ் வான்டேஜ் தேர்வு, அதாவது பி2 நிலை, எழுதப்போகிறேன். எழுத்துத் தாளுக்கு 45 நிமிடம். முதல் பகுதியில் அலுவலகத்துக்குள்ளேயே அனுப்பும் மின்னஞ்சல், 40 முதல் 50 சொற்கள். இரண்டாம் பகுதியில் அறிக்கையோ கடிதமோ முன்மொழிவோ, 120 முதல் 140 சொற்கள்.

பயிற்சிக்கு எழுதியதைத் திருத்தியவர், மின்னஞ்சலில் ‘மிகவும் தாழ்ந்துபோகிறீர்கள்’ என்றும் அறிக்கையில் ‘மேலாளருக்கே கட்டளையிடுகிறீர்கள்’ என்றும் குறித்திருக்கிறார். இரண்டையும் எழுதியது ஒரே ஆள், ஒரே நாளில். எங்கே தவறுகிறேன் என்று புரியவில்லை.

போர்ட் லூயி அண்ணன்

தம்பி, மரியாதை கூடினால் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று முடியுங்கள். சென்னையில் பதினைந்து வருடம் அப்படித்தான் எழுதினேன். ஒன்றில் மட்டும் கவனம்: 51ஆவது சொல்லிலிருந்து திருத்துபவர் படிக்கவே மாட்டார்.

ரோஸ்ஹில் அக்கா

அண்ணன் சொல்வதில் பாதி சரி. அளவைப் பார்த்து எழுதத்தான் வேண்டும். ஆனால் 50ஐத் தாண்டியதும் படிப்பதை நிறுத்திவிடுவதில்லை. நீளும்போது கேட்காத விஷயங்கள் உள்ளே வந்துவிடும், கேட்டவை மங்கிப்போகும், அங்கேதான் இழப்பு. இந்தத் தேர்வுக்குப் பல வருடங்களாகப் பயிற்சி கொடுக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் தம்பி சொன்ன இரண்டு தவறுகளும் சேர்ந்தேதான் வரும்.

முதலில் மின்னஞ்சல். ‘ரெஸ்பெக்டட் சார்’ இரண்டு சொல். ‘ஹோப் யூ ஆர் டூயிங் வெல்’ ஐந்து. ‘ஐ ஆம் ரைட்டிங் திஸ் மெயில் டு இன்ஃபார்ம் யூ தட்’ ஒன்பது. ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல் அட் தி எர்லியஸ்ட்’ ஏழு. ‘தேங்கிங் யூ இன் ஆன்டிசிபேஷன்’ நான்கு. மொத்தம் 27 சொற்கள், ஒரு செய்தியும் இல்லை. கேள்வியில் மூன்று விஷயங்கள் கேட்டிருப்பார்கள். மிஞ்சிய 23 சொற்களில் மூன்றையும் அடைக்க முடியாமல் ஒன்று விழுந்துவிடும், உள்ளடக்க மதிப்பெண்ணும் கூடவே போகும்.

இனி அறிக்கை. தம்பி, அதில் மேலாளருக்கு என்ன எழுதினீர்கள்?

எபேனுக்குப் புதியவன்

நானாகவே அமைத்துக்கொண்ட கேள்வி அது. பொருள்களைக் கொண்டுசேர்க்கும் நிறுவனத்தின் தாமதங்கள்: ஜனவரியில் 4, பிப்ரவரியில் 5, மார்ச்சில் 11, ஏப்ரலில் 12. பக்கத்தில் நான்கு குறிப்புகள்: மார்ச்சில் கிடங்கு இடம் மாறியது, இரண்டு வாடிக்கையாளர்கள் புகார் சொன்னார்கள், இன்னொரு நிறுவனம் கட்டணம் அதிகம் ஆனாலும் நேரம் தவறுவதில்லை, ஜூன் முதல் என்ன செய்யலாம். ‘யூ மஸ்ட் சேஞ்ச் த கம்பெனி இமீடியட்லி’ என்று முடித்தேன். ‘நீங்கள் உடனே மாற்ற வேண்டும்’ என்று மரியாதையாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன்.

ரோஸ்ஹில் அக்கா

விஷயம் அங்கேதான் இருக்கிறது. தமிழில் ‘நீங்கள்’ என்ற சொல்லே மரியாதையைச் சுமந்துவிடுகிறது. அதனால் ‘மாற்ற வேண்டும்’ காதில் உறுத்துவதில்லை. ஆங்கிலத்தின் ‘யூ’வில் அந்த மரியாதை ஏறாது. ‘வேண்டும்’ அங்கே ‘மஸ்ட்’ ஆகி, வெறும் கட்டளையாக நிற்கிறது. இழந்த மரியாதையை மீட்கத்தான் மின்னஞ்சலில் ‘ரெஸ்பெக்டட்’, ‘கைண்ட்லி’, ‘நீட்ஃபுல்’ என்று அடுக்குகிறீர்கள். ஆங்கிலத்தில் பணிவு வினைச்சொல்லின் பக்கத்தில் உட்காரும். ‘ப்ளீஸ் சென்ட்’ என்பதும் கட்டளைதான், ‘ப்ளீஸ்’ ஒட்டிய கட்டளை. ‘குட் யூ சென்ட்’ என்றால் கேள்வியாகிவிடுகிறது, மறுப்பதற்கும் இடம் இருக்கிறது. அந்த இடம்தான் மரியாதை. சக ஊழியருக்கும் மேலாளருக்கும் அதுவே போதும். ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்’ வெளி நிறுவனத்துக் கடிதத்துக்கு. 50 சொல் மின்னஞ்சலில் ஏழு சொல்லை அது விழுங்கிவிடும்.

அறிக்கையில் ‘யூ’வையே எடுத்துவிடுங்கள். சொல்வது நீங்கள் அல்ல, எண்கள். ‘மார்ச்சில் கிடங்கு மாறிய பிறகு தாமதங்கள் 5லிருந்து 11ஆக உயர்ந்தன’ என்று எழுதினால், காரணமும் எண்ணும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன. பரிந்துரைக்கு ‘இட் இஸ் ரெக்கமென்டட் தட்’ என்று வையுங்கள், அல்லது ‘வீ குட் கன்சிடர்’. நான்கு குறிப்புகளும் வந்தாக வேண்டும். பலர் முதல் இரண்டை விரித்து எழுதிவிட்டு, கட்டண ஒப்பீட்டை மறந்துவிடுகிறார்கள்.

சேன் தெனி தம்பி

ரேயூனியனிலிருந்து எழுதுகிறேன். பிரெஞ்சில் மேலாளரை ‘வூ’ என்று சொல்லுங்கள், ‘நீ’ என்று பொருள்படும் ‘த்யூ’ வேண்டாம். கடிதத்தை ‘கோர்டியால்மான்’ என்று முடியுங்கள். எனக்கு இதில்தான் சிக்கல் வந்தது.

ரோஸ்ஹில் அக்கா

தம்பி, அது பிரெஞ்சுத் தேர்வுக்குப் பொருந்தும். இவர் எழுதுவது ஆங்கிலத்தில். ஆனால் நீங்கள் சொன்னதிலும் பயன் உண்டு. பிரெஞ்சில் நம் ‘நீங்கள்’ போலவே மரியாதை ‘வூ’வில் இருக்கிறது, ஆங்கிலத்தில்தான் இல்லை. இந்தத் தீவில் கிரியோலில் பேசி, பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறோம். மூன்றும் குழம்புவது இயல்பு.

எபேனுக்குப் புதியவன்

மறுபடி எழுதிப் பார்த்தேன், பொருளை மட்டும் சொல்கிறேன். மின்னஞ்சல்: ‘ஜூன் 10, 11 ஆகிய நாட்களில் வாடிக்கையாளர் அலுவலகத்தில் பயிற்சி இருப்பதால் இங்கே இருக்க மாட்டேன். குழுவின் மூத்தவர் என் வேலையைப் பார்த்துக்கொள்வார். அவருக்குக் கோப்புகளைத் திறக்கும் அனுமதி தர இயலுமா?’ ஆங்கிலத்தில் 43 சொற்கள் வந்தன. அறிக்கையின் முடிவு: ‘ஜூன் முதல் அவசரப் பொருள்களுக்கு மட்டும் இரண்டாவது நிறுவனத்தைப் பயன்படுத்தலாம் எனப் பரிந்துரைக்கப்படுகிறது.’

ரோஸ்ஹில் அக்கா

இரண்டும் நன்றாக இருக்கின்றன. ‘அவசரப் பொருள்களுக்கு மட்டும்’ என்று வரம்பு வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது, அதிகக் கட்டணம் பற்றிய குறிப்புக்கும் அதிலேயே பதில் வந்துவிடுகிறது. புகார் சொன்ன இரண்டு வாடிக்கையாளர்கள் எங்கே? அவர்களைத் தாமதத்தின் விளைவாக ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள். நேரத்தையும் பாருங்கள். இரண்டாம் பகுதிக்குத்தான் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பெண், அதற்கு 30 நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

போர்ட் லூயி அண்ணன்

27 சொல் கணக்கை நானும் எண்ணிப் பார்த்தேன், சரிதான். இனி என் அலுவலக மின்னஞ்சல்களையும் மாற்றிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: அறிக்கையில் தலைப்புகளும் புள்ளியிட்ட வரிகளும் போடலாமா?

ரோஸ்ஹில் அக்கா

தலைப்புகள் போடலாம், அறிக்கைக்கு உரியவைதான். புள்ளியிட்ட வரிகளை நான் தடுப்பேன். ‘ஆகையால்’, ‘இருந்தாலும்’ போன்ற இணைப்புகளை எழுதிக்காட்டும் இடமே அப்போது போய்விடுகிறது.

வக்வாஸ் தங்கை

அக்கா, பரிந்துரைகளை இரண்டு புள்ளியிட்ட வரிகளாக எழுதித்தான் நான் தேர்ச்சி பெற்றேன். ஒவ்வொன்றும் முழு வாக்கியமாக இருந்தது. அப்படி எழுதினால் என்ன குறை?

ரோஸ்ஹில் அக்கா

முழு வாக்கியம் என்றால் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை, தங்கை. என் மாணவர்களுக்கு நான் இன்னும் பத்தியாகத்தான் எழுதச் சொல்வேன்.

எபேனுக்குப் புதியவன்

இன்றிரவு இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்கிறேன். திருத்துபவர் என்ன குறிக்கிறார் என்று வந்து சொல்கிறேன். மேலாளரை முதல் பெயரால் அழைக்கலாமா என்பதையும் கேட்க வேண்டும். என் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள், எனக்குக் கைதான் வரவில்லை.