சேமித்த மறுநொடி கரண்ட் போனால்? கதைக்கு உதவி வேண்டும்

ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன். விடுதி அறையில் ஒரு பெண், யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் விளையாடுகிறாள். மின்விசிறி வேகம் குறைகிறது, குழல்விளக்கு ஒருமுறை சிமிட்டுகிறது. சட்டென்று சேமிக்கிறாள். திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்த மறுநொடி கும்மிருட்டு.

தப்பித்தாள் என்றுதான் முதலில் முடித்திருந்தேன். ஆனால் அந்த வரி வந்தாலும் கோப்பு சில நொடிகள் ரேமிலேயே இருக்கலாமாம். வட்டில் உடனே எழுதும்படி விளையாட்டு வற்புறுத்தாவிட்டால், கரண்ட் வந்ததும் கோப்பின் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இல்லாமல் போகலாம். சில விளையாட்டுகள் புதிய கோப்பைத் தனியாக எழுதி முடித்த பிறகே பழையதன் இடத்தில் வைக்கும். அப்படியென்றால் அவளுக்குச் சாயங்காலம் சேமித்ததாவது மிஞ்சும். எனக்கு இந்த முடிவுதான் பிடித்திருக்கிறது, முழுசாகப் போவதைவிட இதுதான் அதிகம் வலிக்கும்.

இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா? திறந்ததும் பிழைச்செய்தி வந்ததா, இல்லை, சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே போய்விட்டதா? திரையில் பார்த்ததை அப்படியே சொன்னால் போதும்.